திருமதி டிக்கு என்ன தெரியும்?

ஆசையை விடு என்று சொல்கிறவர்கள் நமக்குப் பழக்கமானவர்கள்தான். விடுவதற்கு ஆசை என்று ஒன்று முதலில் இருக்கிறதா என்று கேட்கிறவர்களை அவ்வளவாகப் பார்த்ததில்லை. 1981-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபிலாஸஃபி’ இதழில் பால் சர்ச்லேண்ட் எழுதிய கட்டுரை கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டது. அவர் துறவியோ மறைஞானியோ அல்ல. அப்போது கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் அறிவியல் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆசை, நம்பிக்கை, நோக்கம் என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் எல்லாம் ஒரு பழைய கோட்பாட்டின் சொற்கள், அந்தக் கோட்பாடு தவறாக இருக்கலாம், அப்படித் தவறென்றால் அந்தச் சொற்கள் சுட்டும் பொருட்களே உலகத்தில் இல்லை என்பது அவருடைய வாதம். இதற்குப் பெயர் நீக்கல் பொருள்முதல்வாதம்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிடலாம். ‘நம்பிக்கை’ என்றதும் தமிழில் சாமியும் ஜோசியமும் நினைவுக்கு வருகின்றன. இங்கே பேசுவது அதையல்ல. பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனே, அந்தச் சாதாரண நினைப்பும் நம்பிக்கைதான். ஒரு டீ குடித்தால் தேவலை என்பதும் ஆசைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘எல்லாம் மூளைதான்’ என்று சொல்லிவிட்டால் அது நீக்கல்வாதம் ஆகிவிடாது. சாதாரணப் பொருள்முதல்வாதி, நம்பிக்கை மூளைக்குள் எங்கோ இருக்கிறது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவோம் என்கிறார். மின்னல் என்பது மின்சாரம் என்று கண்டுபிடித்த மாதிரி. மின்னல் அதனால் இல்லாமல் போய்விடவில்லை. நீக்கல்வாதி வேறொரு உதாரணத்தைக் காட்டுவார். பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலில் ‘ஃப்ளோஜிஸ்டன்’ என்றொரு பொருள் இருந்தது. விறகு எரியும்போது அதிலிருந்து வெளியேறுவது ஃப்ளோஜிஸ்டன். இரும்பு துருப்பிடிக்கும்போதும் அதுதான் வெளியேறுகிறது. ஆனால் உலோகத்தைச் சுட்டு நீறாக்கினால் எடை கூடுகிறது. ஒன்று வெளியேறினால் எடை எப்படிக் கூடும்? லவாய்ஸியே வந்து, எதுவும் வெளியேறவில்லை, காற்றிலிருந்து ஆக்ஸிஜன் உள்ளே போகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு ‘ஃப்ளோஜிஸ்டன் என்பது உண்மையில் ஆக்ஸிஜன்’ என்று யாரும் சொல்லவில்லை. ஃப்ளோஜிஸ்டன் என்று ஒன்று இல்லை என்றார்கள். நம்பிக்கைக்கும் ஆசைக்கும் இந்த முடிவுதான் காத்திருக்கிறது என்பது சர்ச்லேண்டின் ஊகம்.

இதைக் கேட்டதும் எவருக்கும் தோன்றும் முதல் பதில்: ‘என்ன சார், ஃப்ளோஜிஸ்டனை யாரும் பார்த்ததில்லை. என் ஆசை எனக்கே தெரியுதே!’

வாதத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெயில் அடிக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஏன் என்று கேட்டால் நாம் தயங்காமல் சொல்வோம்: ‘சாயங்காலம் மழை வரும்னு நினைக்கிறார், நனையக் கூடாதுன்னு பாக்கிறார்.’ இந்த பதிலுக்கு அடியில் ஒரு விதி இருக்கிறது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னதைச் செய்தால் அது கிடைக்கும் என்று நம்புகிறார், தடை ஏதும் இல்லை என்றால் அதைச் செய்வார். யாரும் நமக்கு இதைப் பாடமாக நடத்தவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பொருட்களை, அதாவது ஒரு நம்பிக்கையையும் ஒரு ஆசையையும், அவர் மண்டைக்குள் வைத்து, கண்ணுக்குத் தெரியும் நடத்தையை விளக்குகிறோம். தெரியாததை வைத்துத் தெரிந்ததை விளக்குவதற்குத்தான் கோட்பாடு என்று பெயர். இந்தக் கோட்பாட்டைத் தத்துவக்காரர்கள் நாட்டார் உளவியல் என்கிறார்கள்.

சரி, பிறர் விஷயத்தில் அது கோட்பாடாக இருக்கட்டும். என் விஷயத்தில்? வில்ஃப்ரிட் செல்லர்ஸ் 1956-இல் இதற்கு ஒரு கற்பனைக் கதை சொன்னார். நம் முன்னோர்கள் கண்ணால் பார்ப்பதைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஜோன்ஸ் என்று ஒரு மேதை. மனிதர்கள் வாய்விட்டுப் பேசாமல் இருக்கும்போதும் புத்தியோடு நடந்துகொள்வதை அவர் கவனிக்கிறார். அப்படியானால் உள்ளே பேச்சு மாதிரி ஒன்று சத்தமில்லாமல் நடக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். அந்த உள்பேச்சுக்கு எண்ணம் என்று பெயர் வைக்கிறார். பிறரை விளக்கச் செய்த அந்தக் கோட்பாட்டைத் தங்கள் மேலேயே பிரயோகிக்க மக்களுக்குப் பழக்குகிறார். தலைமுறைகள் போகப் போக அது பழகிப் பழகி, நேரில் பார்ப்பதைப் போலவே ஆகிவிடுகிறது.

இதைத் தமிழில் படிக்கும் நமக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. ‘மழை வரும் என்று நினைக்கிறார்’ என்பதில் உள்ள ‘என்று’ எங்கிருந்து வந்தது? ‘என்’ என்ற வினையடியிலிருந்து. சொல் என்பதே அதன் பொருள். ‘மழை வரும் என்று சொன்னார்’, ‘மழை வரும் என்று நினைத்தார்’ இரண்டுக்கும் ஒரே கொக்கி. பேச்சை மேற்கோள் காட்டும் அதே கருவியால்தான் நாம் எண்ணத்தையும் மேற்கோள் காட்டுகிறோம். ஜோன்ஸ் கதை நடந்ததற்கு இது ஆதாரம் ஆகாது. ஆனால் எண்ணத்தைப் பேச்சின் அச்சில் வார்த்திருக்கிறோம் என்பது நம் இலக்கணத்திலேயே தெரிகிறது.

நம்மையே நாம் நேரில் பார்க்கிறோம் என்ற உறுதியை ஒரு பிரபலமான சோதனையும் அசைத்தது. 1977-இல் நிஸ்பெட், வில்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் வலது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள், இடது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஏன் இது என்று கேட்டால், வைத்திருந்த இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் உள்ளே எட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு, பொருத்தமாகப் பட்ட ஒரு காரணத்தை ஊகித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் குடையை விளக்கிய அதே கோட்பாட்டால் தங்களையும் விளக்கிக்கொண்டார்கள்.

ஆக, அது கோட்பாடு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தவறான கோட்பாடு என்று எப்படிச் சொல்வது? சர்ச்லேண்டின் குற்றச்சாட்டுகள் மூன்று. தூக்கம், நினைவு, கற்றல், மனநோய் என்று முக்கியமானவை எதையும் அது விளக்கவில்லை. கிரேக்கர் காலத்திலிருந்து அது வளரவே இல்லை. மற்ற அறிவியல்களோடு எங்கும் பொருந்தவில்லை. இவை அத்தனை வலுவானவை என்று எனக்குத் தோன்றவில்லை. நாட்டார் உளவியல் தூக்கத்தை விளக்கவில்லையே என்பது, இலக்கணம் இருமலை விளக்கவில்லையே என்பது போல. அது அதன் வேலை இல்லை. ‘ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல நிப்பேன்’ என்று நண்பன் சொன்னால், ஆறு மணிக்கு அந்த உடம்பு அங்கே நிற்கும் என்று நாம் கணித்துவிடுகிறோம். எந்த நரம்பியலும் இன்றைக்கு இந்தக் கணிப்பின் பக்கத்தில்கூட வராது. ஜெர்ரி ஃபோடர் போன்றவர்கள் கடைசிவரை பற்றிக்கொண்டிருந்த வாதம் இதுதான்.

அதனால் நாட்டார் உளவியலை அதன் சொந்தக் களத்திலேயே சோதிக்க வேண்டும். ‘இவர் இதை நம்புகிறாரா, இல்லையா’ என்ற எளிய கேள்விக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்டீவன் ஸ்டிச் 1983-இல் வெளியிட்ட நூலில் தனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பெயர் திருமதி டி என்று மட்டும். இளம் வயதில் அரசியலில் மிகுந்த ஆர்வம் உள்ளவர். 1901 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டு இறந்தபோது அதிர்ந்துபோனார். அறுபது வயதுக்கு மேலும் அந்தப் படுகொலையைப் பற்றியும் அதன் அரசியல் விளைவுகளைப் பற்றியும் விவரமாகப் பேசுவார். எழுபதுகளில் நினைவு கரையத் தொடங்கியது. பின்னிக்கொண்டிருந்த நூலை எங்கே வைத்தோம் என்பதில் தொடங்கி, இப்போது ஜனாதிபதி யார், கடைசியில் ஜார்ஜ் வாஷிங்டன் யார் என்பதுவரை போனது. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால் அவரிடம் மெக்கின்லிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், படுகொலை செய்யப்பட்டார் என்று உடனே சொல்வார். அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா? தெரியாது. படுகொலை என்றால் என்ன? தெரியாது. படுகொலை செய்யப்பட்டவர் செத்துப்போவாரா? முன்பு தெரியும், இப்போது நினைவில்லை. சரி, மெக்கின்லிக்கு என்ன ஆயிற்று? படுகொலை செய்யப்பட்டார்.

தமிழ்ச் சொல்லில் ‘கொலை’ உள்ளேயே இருப்பதால் நமக்கு இது இன்னும் விசித்திரமாகத் தெரியும். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லில் அப்படி எதுவும் வெளிப்படையாகக் கிடையாது.

இப்போது கேள்வி: மெக்கின்லி படுகொலை செய்யப்பட்டார் என்று திருமதி டி நம்புகிறாரா? பெரும்பாலோர் இல்லை என்போம். வாக்கியம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, பொருள் போய்விட்டது என்போம். சரி, அப்படியானால் எந்த நாளில் அந்த நம்பிக்கை போனது? செனட் எது, பிரதிநிதிகள் சபை எது என்று மறந்த அன்றா? வாஷிங்டனை மறந்த அன்றா? அந்த வருடங்களில் ஒரு தேதியைக் குறித்து, நேற்றுவரை நம்பினார், இன்று நம்பவில்லை என்று சொல்ல முடியாது. மற்ற ஆயிரம் விஷயங்கள் தெரிந்திருந்ததால்தான் அந்த ஒரு விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாட்டார் உளவியலோ நம்பிக்கைகளை அரிசிமணி மாதிரித் தனித்தனியாக எண்ணுகிறது. இந்த மணி இருக்கிறது, அந்த மணி இல்லை என்கிறது. திருமதி டியின் மூளையில் நடந்தது மணிகள் ஒவ்வொன்றாக விழுந்தது அல்ல. கோலம் அழிவதைப் போன்ற ஒன்று. காற்றடித்தாலும் கால் பட்டாலும் முழுக் கோலமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. எந்தப் புள்ளி எப்போது போனது என்று கேட்பதில் பொருளில்லை.

இந்த ஐயத்துக்கு 1990-இல் ராம்ஸி, ஸ்டிச், கேரன் ஆகிய மூவர் ஒரு சின்ன மாதிரி செய்து காட்டினார்கள். கணினியில் ஒரு நரம்பு வலையமைப்பு. ‘நாய்க்கு உரோமம் உண்டு’ என்பதுபோல 16 வாக்கியங்களைக் கொடுத்து, எது சரி எது தவறு என்று சொல்லப் பழக்கினார்கள். பழகிவிட்டது. அதற்குள் ‘நாய்க்கு உரோமம் உண்டு’ எங்கே இருக்கிறது என்று தேடினால், ஒரு இடத்தைச் சுட்ட முடியவில்லை. எல்லா இணைப்புகளும் சேர்ந்து எல்லா வாக்கியங்களையும் தாங்குகின்றன. பதினேழாவதாக ஒன்றையும் சேர்த்துப் பழக்கியபோது கிடைத்த வலையமைப்பில் இணைப்புகளின் எடைகள் பரவலாக வேறாக இருந்தன. மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்றால், ‘இந்த நம்பிக்கையால்தான் இதைச் செய்தான், அந்த நம்பிக்கையால் அல்ல’ என்று நாம் அன்றாடம் சொல்லும் வாக்கியத்துக்கு உள்ளே எந்தப் பொருளும் இருக்காது. ‘அப்படி என்றால்’ என்பதில் இன்னும் பெரிய கேள்வி இருக்கிறது. மூளை அந்தச் சின்ன மாதிரி அல்ல. ஆனால் நம் வாக்கியங்களின் வடிவத்திலேயே அறிவு உள்ளே அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை அது தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இதெல்லாம் கருத்தரங்க விவகாரம், நமக்கென்ன என்று தோன்றினால், ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு மறதி நோய். அப்பா இறந்து ஒரு வருடம். காலையில் யாராவது கேட்டால், ‘போன வருஷம் தவறிட்டார்’ என்று தெளிவாகச் சொல்கிறாள். சாயங்காலம் இரண்டு டம்ளர் காபி போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். ‘அவர் இன்னும் வரலையே?’ என்கிறாள். ‘ஆபீஸ்ல வேலை இருக்கும்மா, வந்துடுவார்’ என்கிறான் மகன். ‘ஏண்ணா பொய் சொல்றே? அம்மாவுக்கு உள்ளுக்குள்ள தெரியும்’ என்கிறாள் தங்கை. ‘அவளுக்கு எதுவும் தெரியாது, ஏன் தினம் தினம் அவளைக் கொல்லணும்?’ என்கிறான் அண்ணன். சண்டை இரவுவரை நீள்கிறது.

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் அனுமானிக்கிறார்கள். ‘அவர் இறந்துவிட்டார்’ என்ற அரிசிமணி அம்மாவுக்குள் இருக்கிறது அல்லது இல்லை. அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் பொய்யா கருணையா என்பது தீர்ந்துவிடும். திருமதி டியைப் படித்தவருக்கு அந்தக் கேள்விக்கே விடை இல்லை என்று தெரியும். நம்மால் எட்ட முடியாத விடை ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதில்லை. கேள்வி கேட்கிற வடிவத்தில் அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

அந்தக் கேள்வியைக் கைவிட்டால் வேறு கேள்விகள் கண்ணுக்குப் படும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கடுமையான மறதி உள்ள நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கொஞ்ச நேரத்தில் பார்த்தது பெரும்பாலும் மறந்துவிட்டது. சோகம் போகவில்லை. எதனால் என்று தெரியாமலே அவர்கள் துயரத்தில் இருந்தார்கள். 2014-இல் அல்ஸைமர் நோயாளிகளிடமும் இதே மாதிரிக் கண்டார்கள். நாட்டார் உளவியலின்படி துயரம் என்பது ஒரு நம்பிக்கையின் பின்னால் வருவது. அவர் இறந்தார் என்று தெரிந்தால் அழுகிறோம், தெரியாவிட்டால் அழ மாட்டோம். இங்கே செய்தி கரைந்தபின்னும் துயரம் தனியாக நிற்கிறது. அந்த வீட்டில் கேட்க வேண்டியது ‘அம்மாவுக்குத் தெரியுமா’ என்பது அல்ல என்றால் வேறு எது? சாயங்காலம் உண்மையைச் சொன்னால் ராத்திரி அவள் எப்படி இருக்கிறாள்? காபியை அவளோடு உட்கார்ந்து குடித்து, அப்பாவைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கிறாள்? இவற்றுக்கு விடை கிடைக்கும். அண்ணன் தங்கைச் சண்டை இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடை உள்ள ஒன்றைப் பற்றியாவது சண்டை போடுவார்கள்.

இத்தனையும் ஒப்புக்கொண்டால் நம்பிக்கையே உலகில் இல்லை என்று முடிக்கலாமா? பலர் இங்கே ஒரு குறுக்குவழியில் சர்ச்லேண்டை மடக்கப் பார்ப்பார்கள். ‘நம்பிக்கை இல்லை என்று நீங்கள் நம்புகிறீர்களா? மாட்டிக்கிட்டீங்க!’ இந்தப் பொறி வேலை செய்யாது. பட்ரீஷியா சர்ச்லேண்ட் இதற்குச் சொன்ன பதிலின் சாரம் இது: உயிர் என்பது உடலுக்குள் இருக்கும் ஒரு தனி ஆவி என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அப்படி ஆவி கிடையாது என்று ஒருவர் சொன்னால், ‘ஆவி இல்லை என்றால் நீ பிணம், பிணம் பேசாது, ஆகவே நீ சொல்வது அபத்தம்’ என்று மடக்கியிருக்கலாம். உயிரோடு இருப்பதற்கு ஆவி வேண்டும் என்பதுதானே அங்கே விவாதம்? அதையே ஆதாரமாகக் காட்டினால் எப்படி? சொல்வதற்கு நம்பிக்கை வேண்டும் என்பதும் அதேபோல் விவாதத்தில் இருக்கும் கோட்பாட்டின் பகுதிதான்.

உண்மையான தடை வேறு. அதைக் கண்டவர்களில் ஸ்டிச்சே ஒருவர். 1996-இல் வந்த நூலில் தன் பழைய முடிவிலிருந்து அவர் விலகினார். ஃப்ளோஜிஸ்டன் விஷயத்தில் கோட்பாடு தவறு, ஆகவே பொருள் இல்லை என்றோம். நட்சத்திரங்கள் விஷயத்தில்? வானக் கூரையில் பதித்த விளக்குகள் என்று நினைத்தவர்கள் முழுக்க முழுக்கத் தவறு. அதனால் நட்சத்திரம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் நட்சத்திரங்களைப் பற்றித் தவறாக நினைத்தார்கள் என்றோம். ஒரு கோட்பாடு எவ்வளவு தவறினால் அதன் பொருள் மறையும், எவ்வளவு தவறினால் பொருள் நின்று விவரணை மட்டும் மாறும்? இதற்கு இயற்கையில் எழுதிவைத்த கோடு எதுவும் இல்லை என்ற இடத்துக்கு ஸ்டிச் வந்தார். நாட்டார் உளவியல் தவறு என்பதிலிருந்து நம்பிக்கைகள் இல்லை என்பதற்குத் தாவ ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் அவருக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இங்கே இன்னொன்றும் தோன்றுகிறது. ஆறு மணிக்கு நிற்பேன் என்று சொன்ன நண்பன் வரவில்லை என்றால், நம் கணிப்பு தவறிவிட்டது என்று நாம் கோட்பாட்டைத் திருத்துவதில்லை. அவனைத் திட்டுகிறோம். ‘வரேன்னு சொன்னியேடா?’ ஃப்ளோஜிஸ்டனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ‘வர நினைக்கிறேன்’, ‘இதை நம்புகிறேன்’ என்பவை பாதி கணிப்பு, பாதி கையெழுத்து. என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லும்போதே, அதன்படி என்னைப் பிடித்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் கொடுத்தும் விடுகிறேன். அந்தக் கையெழுத்துக்கு நிகரான மணி மூளைக்குள் இல்லாமல் இருக்கலாம். ரூபாய் நோட்டின் மதிப்பும் அந்தத் தாளின் நாருக்குள் இல்லை.

அதனால் சர்ச்லேண்டின் கேள்விக்கு ஒரேயடியாக ஆம், இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடவும் அதற்குப் பதில் சொல்லவும் முடிந்த மனிதர்களிடையே அந்தச் சொற்கள் இருந்தாக வேண்டும். அவற்றை நீக்கினால் வாக்கும் பழியும் மன்னிப்பும் கூடவே போய்விடும். ஆனால் கோலம் அழியத் தொடங்கிய மனங்களின் முன்னால், ‘உள்ளுக்குள்ள தெரியும்’ என்றும் ‘எதுவும் தெரியாது’ என்றும் நாம் சொல்லும் உறுதி அந்த மனங்களிலிருந்து வருவதில்லை. நம் இலக்கணத்திலிருந்து வருகிறது. அங்கே மட்டுமாவது அந்தச் சொற்களைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்கலாம்.